மூன்று ஆஃபர், ஒரே கூடை, நான்கு விலை

"திருப்பூரில் ஒரு ஆன்லைன் துணிக்கடைக்கு டெஸ்டிங் பார்க்கிறேன். நோம்பிக்கு மூன்று ஆஃபரை ஒன்றாக விடுகிறார்கள்: டி-சர்ட் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், 1,999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பத்து சதவீதக் கூப்பன், முதல் ஆர்டருக்கு 150 ரூபாய் கழிவு. மூன்றும் சேர்ந்து விழும்போது வரும் விலை சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? எத்தனை டெஸ்ட் எழுதினாலும் தீரவே மாட்டேன் என்கிறது."

டெஸ்ட் எழுதுவதை ஒரு நாள் நிறுத்திவிட்டு ஒரு கூடையை எடுத்து கையால் பில் போட்டுப் பாருங்கள். நான் கோவையில் பதினோரு வருடமாக பில்லிங், கூப்பன் பக்கமே வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு புதுக் கடைக்கும் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன். 499 ரூபாய் டி-சர்ட் மூன்று, 899 ரூபாய் சென்னிமலை பெட்ஷீட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,396. மூன்றாவது டி-சர்ட் இலவசம் என்பதால் 499 போய் 1,897 ஆகிறது. இதுவரை யாருக்கும் சந்தேகம் வராது.

இனிமேல்தான் வில்லங்கம். பத்து சதவீதக் கூப்பனுக்குக் குறைந்தபட்சம் 1,999 என்கிறீர்கள். அது 2,396-ஐப் பார்த்தா, 1,897-ஐப் பார்த்தா? கழிவு போன பிறகுள்ள தொகையைப் பார்த்தால் கூப்பன் செல்லாது. 150 மட்டும் கழிந்து 1,747 வரும். கூப்பன் செல்லும் என்று வைத்து, முதலில் 150-ஐக் கழித்துவிட்டுப் பத்து சதவீதம் போட்டால் 1,572.30. பத்து சதவீதம் முதலில், 150 பிறகு என்றால் 1,557.30. பத்து சதவீதத்தை முழு விலையான 2,396-இல் கணக்கிட்டால் கழிவு 239.60, கட்ட வேண்டியது 1,507.40. ஒரே கூடைக்கு நான்கு விலை. நான்கையும் நியாயப்படுத்தி ஒருவர் பேச முடியும். விளம்பரத்தில் எழுதியிருக்கும் வாக்கியத்துக்கு நான்குமே பொருந்தும். இவற்றில் எது சரி என்று புரோகிராம் எழுதியவரும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அதற்காக "உங்கள் ஸ்டேக்கிங் விதி என்ன" என்று அவரிடம் போய் நிற்காதீர்கள். பதில் வராது. நான் ஒருமுறை அப்படிக் கேட்டபோது, "ஏன் தம்பி, எல்லாத்தையும் கழிச்சுட்டு வர்றதுதான் விலை, இதுல என்ன கேள்வி" என்றார் முதலாளி. மறுநாள் அந்த நான்கு விலைகளையும் நான்கு பில்லாகத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவருடைய கணக்குப்பிள்ளை மூன்றே நிமிடத்தில் ஒன்றைச் சுழித்துக் கொடுத்தார். வியாபாரிகளுக்கு விதியைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். தப்பான பில்லைக் கண்டால் உடனே தெரிந்துவிடும். இப்படி ஒரு பன்னிரண்டு கூடைக்கு கையால் போட்ட பில்லை வாங்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டெஸ்டுக்கு அடித்தளம் அதுதான். என்ஜின் சொல்லும் விலையை எடுத்து அதையே எதிர்பார்க்கும் விலையாக டெஸ்டில் ஒட்டுவது பலரும் செய்யும் காரியம். அதில் பிழையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி பேசுவதற்கு வசதியாக உங்கள் கடைக்காரர் 1,557.30-ஐச் சுழித்தார் என்று வைத்துக்கொள்கிறேன். அதாவது குறைந்தபட்சத் தொகையை முழு விலையில் பார்க்கிறோம். பொருள் மீதான ஆஃபர் முதலில், சதவீதம் அடுத்து, ரூபாய்க் கழிவு கடைசி.

டெஸ்ட் தீரவே மாட்டேன் என்கிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். மூன்று ஆஃபர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் எட்டு நிலைதான். வரிசையையும் சேர்க்கும்போதுதான் எண்ணிக்கை ஊதுகிறது. ஆனால் எல்லா ஜோடிக்கும் வரிசை முக்கியமில்லை. இரண்டு சதவீதங்கள் என்றால் எது முதலில் விழுந்தாலும் ஒன்றுதான்: 1,000 ரூபாயில் பத்தும் இருபதும் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் 720. பைசா வட்டமிடுவதில் மட்டும் சின்ன வித்தியாசம் வரலாம். இரண்டு ரூபாய்க் கழிவுகளும், விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதவரை அப்படியே. சதவீதமும் ரூபாய்க் கழிவும் சேரும் இடத்தில்தான் வரிசை விலையை மாற்றும். எவ்வளவு மாற்றும் என்பதும் தெரிந்ததே: ரூபாய்க் கழிவில் அந்தச் சதவீதம். 150-இல் பத்து சதவீதம் 15. மேலே 1,572.30-க்கும் 1,557.30-க்கும் உள்ள வித்தியாசம் அதுவேதான்.

உச்சவரம்பு வைத்த சதவீதம் இன்னொரு வில்லன். "20 சதவீதம், அதிகபட்சம் 300 ரூபாய்" என்ற கூப்பனும் சாதாரணப் பத்து சதவீதமும் 2,000 ரூபாய்க் கூடையில் விழுகின்றன. வரம்புள்ளது முதலில் போனால் 300 கழிந்து 1,700, அதில் பத்து சதவீதம் போய் 1,530. பத்து சதவீதம் முதலில் போனால் 1,800, அதில் 300 போய் 1,500. சதவீதமும் சதவீதமும்தானே என்று விட்டால் இங்கே மாட்டிக்கொள்வோம். ஆக, உங்கள் ஆஃபர் பட்டியலை எடுத்து ஜோடி ஜோடியாகப் பார்த்து, வரிசை மாறினால் விலை மாறும் ஜோடிகளை மட்டும் தனியே பிரியுங்கள். டெஸ்டின் பெரும்பகுதியை அவற்றின் மேல் போடுங்கள். மற்றவற்றுக்கு ஜோடிக்கு ஒரு டெஸ்ட் போதும்.

வரிசையில் என் கை சுட்ட கதை ஒன்று. முன்பு வேலை செய்த ஒரு கடையில் ஒரு புகார் வந்தது: நேற்று கூடையில் போட்டு வைத்தேன், இன்று அதே கூடை 15 ரூபாய் அதிகம் காட்டுகிறது. பார்த்தால் கோடு மாறவில்லை, ஆஃபரும் மாறவில்லை. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் கண்டுபிடித்தது இது: சதவீதக் கூப்பன், ரூபாய்க் கழிவு இரண்டுக்கும் முன்னுரிமை எண் 10 என்றே போட்டிருந்தார்கள். டேட்டாபேஸில் இருந்து ஆஃபர்களை எடுக்கும் குவரியில் `ORDER BY` இல்லை. அது இல்லாவிட்டால் வரிகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அது போஸ்ட்கிரெஸ். அதில் ஒரு வரியைத் திருத்தினால் பல நேரம் அது பட்டியலில் இடம் மாறிவிடும். முந்தின நாள் மாலை யாரோ சதவீதக் கூப்பனின் விளக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார்கள். அவ்வளவுதான், அந்தக் கூப்பன் கழிவுக்குப் பின்னால் போய்விட்டது. எழுத்துப்பிழை திருத்தியதால் விலை மாறும் என்று யார் நினைப்பார்?

அதிலிருந்து இரண்டு டெஸ்டை எந்த என்ஜினுக்கும் முதல் நாளே எழுதிவிடுகிறேன். ஒரே முன்னுரிமை எண்ணோடு இரண்டு ஆஃபரைச் சேமிக்கப் பார்த்தால் என்ஜின் மறுக்க வேண்டும், அல்லது இரண்டாவதாக எதை வைத்துப் பிரிக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். இது முதலாவது. அடுத்தது, வாடிக்கையாளர் கூப்பன்களை எந்த வரிசையில் தட்டினாலும் கடைசி விலை ஒன்றாக இருக்க வேண்டும். இதற்குச் சரியான விலை என்னவென்றுகூடத் தெரிய வேண்டியதில்லை, எல்லாம் ஒன்றா என்று பார்த்தால் போதும்:

```python
from itertools import permutations

def test_coupon_order():
    codes = ["NOMBI10", "FIRST150"]
    totals = {price(CART, list(p)) for p in permutations(codes)}
    assert len(totals) == 1
```

இதே பாணியில் இன்னும் சில டெஸ்டுகளை எழுதலாம். ஒரு கூப்பனைப் போட்டு எடுத்தால் பழைய விலைக்கே திரும்ப வேண்டும். ஒரே கூப்பனை இரண்டு முறை தட்டினால் ஒரு முறைதான் விழ வேண்டும். `price` திருப்பித் தருவது பைசாவில் முழு எண்ணாக இருக்கட்டும், 1,557.30-க்குப் பதில் 155730. பின்ன எண்ணில் வைத்தால் வட்டமிடுவதில் ஒவ்வொரு மொழியும் ஒரு வழியில் போகும். பைத்தானில் `round(2.5)` 2 தரும், ஜாவாஸ்கிரிப்டில் `Math.round(2.5)` 3 தரும். கூடைப் பக்கம் ஒன்றிலும் சர்வர் மற்றொன்றிலும் இருந்தால் திரையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை.

"கூடையில் ஒரு பொருளைக் கூட்டினால் மொத்தம் குறையக் கூடாது" என்று சிலர் ஒரு விதி எழுதுவார்கள். அதைச் செய்யாதீர்கள். 1,950 ரூபாய்க் கூடையில் 60 ரூபாய்க் கைக்குட்டை சேர்த்தால் 2,010 ஆகி, பத்து சதவீதம் விழுந்து 1,809 ஆகும். குறைவதுதான் சரி. அதற்காகத்தானே குறைந்தபட்சம் வைக்கிறார்கள்.

ஒன்றோடொன்று சேராத ஆஃபர்களுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் நோம்பி நெருங்கும்போது யாராவது கட்டாயம் ஒன்று கொண்டுவருவார்கள்: "20 சதவீதம், வேறு எந்தக் கூப்பனோடும் சேராது". அப்போது என்ஜின் 20 சதவீதத்தைத் தனியாகவும் பத்து சதவீதமும் 150-உம் சேர்ந்ததையும் ஒப்பிட்டு, வாடிக்கையாளருக்கு லாபமானதைத் தர வேண்டும் என்பார்கள். எந்தத் தொகையில் டெஸ்ட் செய்வது? இரண்டும் சமமாகும் இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள். தொகையில் 20 சதவீதம், அதே தொகையில் பத்து சதவீதமும் 150-உம், இரண்டும் 1,500 ரூபாயில் சமம்: இரண்டு பக்கமும் 300. 1,499-இல் ஜோடி ஜெயிக்கும், 1,501-இல் தனிக் கூப்பன் ஜெயிக்கும். உங்கள் பத்து சதவீதத்துக்கு 1,999 என்ற குறைந்தபட்சம் இருப்பதால், முழு விலை 1,999-க்கு மேலும் இலவச டி-சர்ட் போன பிறகு தொகை 1,500-ஐ ஒட்டியும் வரும்படி கூடையை அமைக்க வேண்டும்.

சரியாக 1,500 வந்தால் விலையில் வித்தியாசமில்லை, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதல் ஆர்டர் கழிவு ஒரே ஒரு முறைதான். ஜோடியைத் தேர்ந்தெடுத்தால் அது செலவாகிவிடும். தனிக் கூப்பனைத் தேர்ந்தெடுத்தால் அது பத்திரமாக இருக்குமா, அல்லது முதல் ஆர்டர் முடிந்ததால் அதுவும் போய்விடுமா? சமமாகும் இடத்தில் விலையைப் பார்ப்பதோடு எந்தக் கூப்பன் செலவானது என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் மொத்த விலை. உண்மையான சிக்கல் இந்த மொத்தத்தைப் பொருள் வாரியாகப் பிரிக்கும்போது வருகிறது. பெரும்பாலான டெஸ்டர்கள் இங்கே எட்டியே பார்ப்பதில்லை, ஏனென்றால் கூடைப் பக்கத்தில் அது தெரியாது. யாராவது ஒரு டி-சர்ட்டைத் திருப்பி அனுப்பும் நாளில்தான் தெரியும்.

நம் கூடையையே பிரித்துப் பார்ப்போம். இலவசம் போக டி-சர்ட் பக்கம் 998, பெட்ஷீட் 899. பத்து சதவீதம் போனால் 898.20-உம் 809.10-உம். 150-ஐ அந்த விகிதத்தில் பங்கிட்டால் டி-சர்ட் பக்கம் 78.91, பெட்ஷீட் பக்கம் 71.09. மிஞ்சுவது 819.29, 738.01. கூட்டினால் 1,557.30, சரி. இப்போது 819.29-ஐ மூன்று டி-சர்ட்டுக்குப் பிரியுங்கள். ஒன்றுக்கு 273.10 என்று வட்டமிட்டால் மூன்றுக்கு 819.30, ஒரு பைசா கூடிவிட்டது. ஒன்றுக்கு 273.09 என்றால் இரண்டு பைசா குறைகிறது. இரண்டுக்கு 273.10, ஒன்றுக்கு 273.09 என்று போட்டால்தான் கணக்கு நேராகும். மிச்சப் பைசாவை எந்தப் பொருளின் தலையில் கட்டுவது என்பதற்கு ஒரு நிலையான விதி வேண்டும். டெஸ்ட் இதுதான்: எல்லாப் பொருளையும் ஒவ்வொன்றாக, எந்த வரிசையில் திருப்பினாலும், திரும்பிய பணத்தின் கூட்டுத்தொகை கட்டிய பணத்துக்கு ஒரு பைசா பிசகாமல் சமமாக வேண்டும். ஒரு பைசாதானே என்று முதலாளி சிரிப்பார். மாதக் கடைசியில் பேமென்ட் கேட்வே கணக்கோடு ஒத்துப் பார்க்கும் அக்கவுண்டன்ட் சிரிக்க மாட்டார்.

இலவச டி-சர்ட்டைப் பூஜ்ஜிய விலை வரியாக வைக்கும் என்ஜின்களும் உண்டு. பில்லில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விலை போட்ட இரண்டையும் திருப்பிவிட்டு, 819.29 ரூபாயை வாங்கிக்கொண்டு, ஒரு டி-சர்ட்டை ஓசியில் வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் பங்கிட்டு வைப்பதே எனக்குப் பிடித்த முறை. ஆனாலும் இது கடையின் முடிவு.

பங்கிட்டு வைத்தாலும் ஒரு கேள்வி மிச்சம். ஒரு டி-சர்ட்டை மட்டும் திருப்பினால் "இரண்டு வாங்கினால் ஒன்று" என்ற நிபந்தனையே உடைகிறது. மிச்சமுள்ளதை மட்டும் வைத்துப் புதிதாக பில் போட்டால் இரண்டு டி-சர்ட் 998, பெட்ஷீட் 899, மொத்தம் 1,897. குறைந்தபட்சம் 1,999 எட்டவில்லை, பத்து சதவீதமும் போச்சு. 150 மட்டும் கழிந்து 1,747. அவர் கட்டியதோ 1,557.30. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளர் நமக்கு 189.70 தர வேண்டும் என்று கணக்கு வருகிறது! சில என்ஜின்கள் இதை மைனஸ் ரீஃபண்டாக அப்படியே கேட்வேக்கு அனுப்பப் பார்க்கும். அங்கே பிழை வந்து, ரீஃபண்ட் "நடந்துகொண்டிருக்கிறது" என்றே நிற்கும். பங்கிட்ட 273.10-ஐத் தருவதா, புதிதாகக் கணக்கிட்டுப் பூஜ்ஜியம் என்று நிறுத்துவதா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். எதைச் சொன்னாலும் மைனஸ் வரக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

துணிக்கடை என்பதால் வரியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு, ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. பில்லிலேயே காட்டப்படும் கழிவு வரிக்கான மதிப்பில் சேராது. சட்டத்தின் 15(3) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனவே வரி சேர்க்காத விலை 2,600 ரூபாய் உள்ள ஒரு ஜாக்கெட் தனியாகப் போனால் வரியோடு 3,068. அதற்கு 150 கழிந்தால் 2,450 ஆகி, 5 சதவீத வரியோடு 2,572.50. 150 ரூபாய்க் கூப்பன் பில்லை 495.50 குறைக்கிறது. அதே ஜாக்கெட்டோடு 2,600-க்குப் பெட்ஷீட்டும் இருந்து 150 பாதியாகப் பிரிந்தால், ஜாக்கெட் 2,525-இல் நின்று 18 சதவீதமே கட்டும். எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பது வரி விகிதத்தையே மாற்றுகிறது. பங்கிட்ட பிறகு ஒன்றின் விலை 2,499, 2,500, 2,501 என்று வரும்படி மூன்று கூடைகள் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுப் பணத்தைக் கடை ஏற்காமல் வங்கியோ வேறு யாரோ ஏற்கும் ஆஃபர் என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே டெஸ்டர் முடிவு எடுக்கக் கூடாது. கடையின் ஆடிட்டரிடம் ஒரு மாதிரி பில்லைக் கொடுத்துக் கேளுங்கள்.

வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் நான் போகும் வழி இது. முதல் நாள் கையால் போட்ட பன்னிரண்டு பில். அவற்றில் இலவசம் போன பிறகு குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கும் கூடை ஒன்றாவது இருக்கட்டும். இரண்டாம் நாள் வரிசை மாறினால் விலை மாறும் ஜோடிகள், கூடவே மேலே கொடுத்த கோடு. மிச்ச நாளெல்லாம் ரிட்டர்ன். ரிட்டர்னை நோம்பி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருள் வாரியாகப் பங்கிட்ட எண்களை ஆர்டர் விழும்போதே சேமித்து வைக்காவிட்டால் பிறகு திரும்பக் கணக்கிட வழியில்லை, ஆஃபர் அதற்குள் காலாவதியாகியிருக்கும். இன்றைக்கே ஆர்டர் டேபிளைத் திறந்து, அந்த 273.10 எங்காவது எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.